மூன்று கிலோமீட்டரும் ஏழரை மணி பஸ்ஸும்



தஞ்சைத் தரணியின் வரைபடத்தைப் பார்க்கிறவருக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வர இதைவிட வசதியான நாடு இருக்காது என்றுதான் தோன்றும். மலை கிடையாது, காடு கிடையாது. ஒரு ஊரின் வயல் முடிகிற வரப்பில் அடுத்த ஊரின் வயல் தொடங்கிவிடும். காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஊர் ஊராகத் தொடக்கப்பள்ளிகள் வந்தன. பிறகு, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்றன. உயர்நிலைப்பள்ளிக்கு 5 கிலோமீட்டர் என்பது நடைமுறை அளவு. காகிதத்தில் பார்த்தால் டெல்டாவில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும்.

ஆனால் காலை ஏழு மணிக்குச் சாலையோரம் நின்று பார்த்தால் வேறு கணக்கு தெரியும். சீருடையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, பிள்ளைகள் பஸ் ஸ்டாப்புகளில் நிற்கிறார்கள். அவர்களுடைய பள்ளி மணி அடிக்க இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

இதற்கு முதல் காரணம் ஆறு. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று கிளைத்துக்கொண்டே கடலை நோக்கிப் போகின்றன. பெரும்பாலும் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுபவை. சாலைகளும் பல இடங்களில் ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே போகும். ஆகவே கிழக்கும் மேற்கும் போவது சுலபம். தெற்கிலிருந்து வடக்கே போக வேண்டுமானால் பாலம் வேண்டும். எதிர்க்கரைப் பள்ளியின் மணிச்சத்தம் இந்தக் கரையில் கேட்கும். ஆனால் அங்கே போய்ச் சேரப் பாலம் இருக்கிற ஊர் வரைக்கும் மேற்கே நடந்து, கடந்து, மறுபடி கிழக்கே திரும்பி வர வேண்டும். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும்போது பிள்ளைகள் நேரே இறங்கி ஏறிவிடுவார்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தபின் அந்தக் குறுக்கு வழி அடைபட்டுவிடும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளி திறப்பதும் ஏறத்தாழ அதே நாட்களில்தான். அதாவது, பள்ளி ஆண்டின் பெரும்பகுதிக்கு வரைபடத்தில் உள்ள 3 கிலோமீட்டர் தரையில் 5, 6 கிலோமீட்டராக இருக்கிறது.

இருந்தாலும் இன்றைய பேச்சு கிலோமீட்டரைப் பற்றியதல்ல, அதைவிடப் பெரிய சிக்கலான நேரத்தைப் பற்றியது. இவ்வளவு தூரம் என்று சொன்னால் அதிகாரிக்கும் புரியும், அளந்தும் காட்டலாம். காத்திருப்பை அளப்பவர் யாரும் இல்லை.

ஒரு பிள்ளையின் நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறிப்பிட்ட எவருடைய நாளும் அல்ல. மன்னார்குடி, ஒரத்தநாடு, வலங்கைமான் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர் நேரத்தைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு மாணவி. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் 2 கிலோமீட்டர், வாய்க்கால் கரையில் மண்பாதை. அங்கிருந்து பள்ளி இருக்கிற டவுன் 14 கிலோமீட்டர். 6.50க்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் 7.20க்கு ஸ்டாப். பஸ் 7.30க்கு. வழியில் பத்துப் பன்னிரண்டு நிறுத்தம்; டவுனுக்கு 8.15. பத்து நிமிட நடையில், 8.25க்குப் பள்ளி. எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு, ஆகவே காலை சரி.

மாலைதான் பாழ். 4.20க்குப் பள்ளி முடிந்து சிறப்பு வகுப்பு 5.15 வரை. ஊர்ப்பக்கம் போகிற பஸ் 5 மணிக்கே கிளம்பிவிட்டது. அடுத்தது 6.20க்கு. ஸ்டாப்பில் இறங்கும்போது 7.05, கார்த்திகை மாதமென்றால் நல்ல இருட்டு. அரை மணி நடந்து 7.35க்கு வீடு. பள்ளிக்குப் போய்வர மட்டும் 235 நிமிடம், ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது 90 நிமிடம்தான். மிச்சம் நடையும் நிற்பதும்.

இந்த மாணவிக்கு என்ன செய்யலாம்? ஒரு சைக்கிள் கொடுத்தால் ஸ்டாப் வரைக்குமான நடை அரை மணியிலிருந்து பத்து நிமிடமாகும். இரு வேளைக்கும் சேர்த்து 40 நிமிடம் மிச்சம். வண்டியை ஸ்டாப் டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பின்பக்கம் பூட்டி நிறுத்திவிட்டுப் போவார். இன்னொரு வழி: 6.20 பஸ்ஸை 5.35க்கு நகர்த்துவது. மிச்சம் 45 நிமிடம். சைக்கிள் அவருக்கு மட்டும். பஸ் நேரம் அந்தத் தடத்தின் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும். அரசாங்கத்துக்கு ஒரு புது வண்டிச் செலவுகூட இல்லாமல், ஒரு டைமிங் மாற்றம் பல சைக்கிள்களின் வேலையைச் செய்துவிடுகிறது. இந்தக் கணக்கை யாரும் போடாததற்குக் காரணம், சைக்கிள் பள்ளிக்கல்வித் துறையைச் சேர்ந்தது, டைமிங் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தது என்பதுதான்.

டெல்டாவின் பஸ் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு சங்கதியும் நினைவுக்கு வரும். 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம். உள்ளூர்த் தடங்களில் ‘நைட் ஹால்ட்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. கடைசி நடை ஊருக்கு வந்த பஸ் டெப்போவுக்குத் திரும்பாது. டிரைவரும் கண்டக்டரும் கோயில் மண்டபத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ படுத்து, விடியற்காலை அங்கிருந்தே முதல் நடை எடுப்பார்கள். இந்த ஏற்பாடு உள்ள ஊருக்குக் காலை பஸ் நிச்சயம். இது நின்றுபோன ஊரில் முதல் பஸ் டவுனிலிருந்து கிளம்பி, ஊருக்கு வந்து, திரும்ப வேண்டும். டவுனை எட்டுவதற்குள் முதல் பாடவேளை போய்விடும். தூரம் ஒரு அடிகூடக் கூடவில்லை. ஆனால் பள்ளி ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டது.

வழியில் நடப்பவை வேறு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரியாதவர் இந்த அவையில் இருக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் போகிற சாலை அங்கே ரயில் பாதையைக் கடக்கிறது. மன்னார்குடிக்குக் கிளை பிரியும் சந்திப்பு அது. நெல்லும் அரிசியும் சரக்கு ரயிலில் ஏறுகிற இடமும் அதுவே. எஞ்சின் மாற, வேகன்களை நகர்த்த, ரயில் கடக்க என்று நாளில் பலமுறை கேட் விழும். இருபுறமும் பஸ்ஸும் லாரியும் நெடுந்தூரம் நிற்கும். டெல்டாவின் விளைச்சல் ஊர் போகட்டும் என்று டெல்டாவின் பிள்ளைகள் நின்று வழிவிட வேண்டியிருக்கிறது. விஷயம் தெரிந்த பிள்ளைகள் கேட்டுக்கு முன்பே இறங்கி, புத்தகப்பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து ஓடிவிடுவதுண்டு. தாமதம் என்பது வெறும் நேரக் கணக்கல்ல, பிள்ளைகளை எந்த ஆபத்துக்குத் துணிய வைக்கிறது என்பதும் அதில் சேர்த்தி. படிக்கட்டில் தொங்குவதும் இப்படித்தான். அதை விடலைத் திமிர் என்று திட்டுவது சுலபம். அடுத்த பஸ் ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் என்றால், உள்ளே இடமிருக்கிறதா என்று பார்த்து எவன் ஏறுவான்?

கட்டண விஷயத்தில் தமிழ்நாடு குறை வைக்கவில்லை. மாணவர்களுக்கு இலவசப் பாஸ் பல காலமாக உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணமில்லை. கிராமத்துக்கு வருவது பெரும்பாலும் அந்த டவுன் பஸ்தான். இதனால் பெரும் நன்மை விளைந்திருக்கிறது. ஒரு பக்க விளைவும் உண்டு. டவுனுக்கு வேலைக்குப் போகிற பெண்கள், பூக்கடைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதே ஒரு நடையில். கூட்டம் நிரம்பிய பஸ் கடைசி இரண்டு மூன்று ஸ்டாப்புகளில் வேகத்தைக் குறைக்காமலே போய்விடும். எந்த ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி பள்ளிக்கு வரவில்லை என்று தேடுகிற தலைமையாசிரியர் டவுனிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற ஊரை மட்டும் சந்தேகப்பட்டால் போதாது. பஸ் நிரம்பியபின் வருகிற, டவுனுக்குக் கிட்டத்து ஊரையும் பார்க்க வேண்டும்.

வருகைப் பதிவேட்டுக்கு வருவோம். நீண்ட பயணம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. தமிழ்நாட்டில் அது அவ்வளவு நேராக நடப்பதில்லை. பெயர் பதிவேட்டில் இருக்கும். பிள்ளையும் பெரும்பாலான நாட்கள் வரும். குறைவது ஓரங்களில். ஏழரை பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்த பஸ்ஸில் போனால் பள்ளி சேர்வதற்குள் மணி பத்தைத் தாண்டிவிடும். வாசலில் நின்று திட்டு வாங்க வேண்டும். ‘இனிமே போயி என்னத்த’ என்று அம்மாவே சொல்லிவிடுவார். பத்து நிமிடத் தாமதம் ஒரு முழுநாள் விடுப்பாகிவிடுகிறது. பள்ளிக்கு அருகில் குடியிருக்கிற பிள்ளை பத்து நிமிடம் தாமதித்தால் அது பத்து நிமிடத்தோடு போயிற்று.

இந்த ஓரங்கள் பருவத்தோடு சேர்ந்து விரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்கால் கரைக் களிமண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் சுற்றாது. சம்பா நடவு நாட்களில் அம்மா ஆறரைக்கே ஆள் ஏற்றுகிற வண்டியில் போய்விடுவார். தம்பியைக் கிளப்பி அனுப்பிவிட்டுக் கிளம்புகிற அக்காவுக்குப் பஸ் போய்விடும். கொள்ளிடத்தின் கடைமடையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களுக்கு இது இன்னும் கடுமை. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வந்த உபரி வெள்ளம் இந்தத் திட்டுகளைச் சூழ்ந்து, மக்கள் கரையிலும் முகாமிலும் தங்க நேர்ந்தது. அந்த வெள்ளத்துக்கு அங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. மழை பெய்தது கர்நாடகத்தில். மாவட்டத்துக்கு விடுமுறை இல்லாத நாளிலும் திட்டுப் பிள்ளைக்குப் பள்ளி கிடையாது.

பதிவேடு இவை எதையும் காட்டாது. அதில் இருப்பது பெயர் வரிசை. ஒரு மாதப் பதிவை எடுத்து, பிள்ளைகளைப் பெயர்ப்படி அல்லாமல் பஸ் ஸ்டாப்படி அடுக்கிப் பார்த்தால், பத்து நிமிட வேலைதான், வராத நாட்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். ஒரே ஸ்டாப்பின் நான்கு பேர் ஒரே நாளில் வரவில்லையென்றால் அது காய்ச்சல் அல்ல, பஸ். ஒருவர் மட்டும் அடிக்கடி வரவில்லையென்றால் காரணம் வீட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

களைப்பு இதைவிட மறைவானது. பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. பருவ வயதில் உடலின் கடிகாரம் சற்றுப் பின்னே தள்ளிப்போகிறது. இரவு சீக்கிரம் படு என்றாலும் தூக்கம் வராது. இதனால்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் உயர்நிலைப்பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கி, 2022 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம்முடைய பள்ளிகள் ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகின்றன, நமக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைக்கலாம். மணி அடிப்பது ஒன்பதுக்கு மேல்தான். ஆனால் மேலே பார்த்த மாணவியின் நாளைத் தொடங்கி வைப்பது பள்ளி மணியல்ல, 7.30 பஸ். அதற்காக அவர் ஐந்தேகாலுக்கு எழுகிறார். 7.35க்கு வீடு திரும்பி, கை கால் கழுவி, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதிப் படுக்கப் பத்தரை. ஆறேமுக்கால் மணி நேரத் தூக்கம். விடிந்தால் மறுபடி அதே.

பிற்பகல் முதல் பாடவேளையில் இந்தத் தூக்கக் கடன் தலையெடுக்கும். கடைசி வரிசையில் தூங்குபவர் மட்டும் களைத்தவர் அல்ல. கரும்பலகையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதிவிட்டு, என்ன எழுதினோம் என்று கேட்டால் விழிப்பவரும் களைத்தவர்தான். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: தூங்கி வழிகிற எல்லாரையும் பஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. திங்கட்கிழமை, ஞாயிறு ஓய்வுக்குப் பின்னும் அதே சோர்வு என்றால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். திங்களன்று தெளிவாக இருந்து வியாழன், வெள்ளிக்குள் சரிந்தால் அது பெரும்பாலும் தூக்கம்.

சோற்றுக்கும் இதில் இடம் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25ஆம் நாள் அதை மாநிலம் முழுக்க விரிவாக்கிய விழா நடந்தது டெல்டாவில், திருக்குவளைப் பள்ளியில். நல்ல திட்டம். அது ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி உள்ளூரில் இருக்கிறது. பிள்ளை எட்டரைக்கு எழுந்தாலும் ஓடிப் போய்விடலாம். ஆறாம் வகுப்பில் ஊரைவிட்டு வெளியே போகத் தொடங்கும்போது காலை உணவு நின்றுவிடுகிறது. விலையில்லா மிதிவண்டி வருவது பதினொன்றாம் வகுப்பில். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பின்னர் விரிந்த திட்டம் அது. சைக்கிள் வருகிற அதே ஆண்டில் சத்துணவும் நின்றுபோகிறது, ஏனெனில் அது பத்தாம் வகுப்பு வரைதான். ஆக, ஆறிலிருந்து பத்து வரை, நெடும்பயணம் தொடங்கி உடம்பு வளர்கிற ஐந்து ஆண்டுகளில், பிள்ளை கையில் இருப்பது பாஸ் அட்டையும் மதியச் சோறும் மட்டுமே. ஒவ்வொரு திட்டமும் தனியே பார்க்க நியாயமானது. சேர்த்து வைத்தால்தான் நடுவில் இருக்கிற பள்ளம் தெரிகிறது.

சைக்கிளைச் சீக்கிரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பீகார் சான்று. அங்கே 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். உரிய வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பலன் பெரும்பாலும் பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவில் நடந்த இன்னொரு ஆய்வு நம் பேச்சுக்கு இன்னும் கிட்டே வருகிறது. சைக்கிள் பெற்ற மாணவிகளின் பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விடுப்பு கால் பங்குக்கு மேல் குறைந்தது. தாமத வருகை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. முதலில் சரியாவது தாமதம், அப்புறம்தான் விடுப்பு. பத்து நிமிடம் ஒரு நாளைத் தின்னும் கதை அங்கேயும் அதுதான்.

ஆனாலும் 14 கிலோமீட்டருக்குச் சைக்கிள் விடை அல்ல. அங்கேதான் 2025 ஜூன் 16ஆம் நாள் தஞ்சாவூரில் முதல்வர் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டம் வருகிறது. 1990களின் மினி பஸ் ஊரறிந்தது. புதியதில் தடத்தின் நீளம் கூடியிருக்கிறது, பஸ் போகாத ஊர்களைத் தொட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நடத்துபவர் தனியார் முதலாளி. அவர் கணக்கில் முதலில் வருவது காசு தருகிற பயணி, பள்ளி நேரமல்ல. ஆகவே புதுத் தடம் வந்துவிட்டது என்று பேனர் கட்டுவதற்கு முன், காலை எட்டேகாலுக்குள் டவுனைத் தொடுகிற நடை எது, மாலை ஐந்தரைக்குப் பின் கிளம்புகிற நடை எது என்று ஊர் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. டெல்டா ஊர்களிலிருந்து போகிற மனுக்களில் ‘எங்கள் ஊருக்குக் கூடுதல் பேருந்து வேண்டும்’ என்பது நிரந்தர வாசகம். வருகிற பதிலும் நிரந்தரம்: பேருந்து இல்லை, பணியாளர் இல்லை. கூடுதல் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘6.20 நடையை 5.35க்கு மாற்ற வேண்டும். இந்த ஆறு ஸ்டாப்புகளில் இத்தனை மாணவர்கள். பள்ளி முடியும் நேரம் இது’ என்று ஸ்டாப் வாரியாக எண்ணிக்கையோடு எழுதினால், டெப்போ மேலாளரால் அப்படிச் சுலபமாகத் தட்டிவிட முடியாது. அவர் கேட்கப்போகும் எதிர்க்கேள்வியையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். 6.20 பஸ்ஸில் கடை மூடிவிட்டு ஊர் திரும்புகிற பெண்களும் இருக்கிறார்கள். நடையை முன்னால் தள்ளினால் அவர்கள் எதில் போவார்கள்? அந்தத் தடத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் பள்ளிதான் நகர வேண்டும். சிறப்பு வகுப்பை 4.50க்கு முடித்தால் 5 மணி பஸ்ஸே கிடைத்துவிடும். குறைகிற 25 நிமிடத்தை மதிய இடைவேளையில் ஈடுகட்டலாமா, சனிக்கிழமையில் சேர்க்கலாமா என்பதைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேச ஒரு மாலை போதும். கையில் பஸ் நேரப் பட்டியல் மட்டும் இருக்க வேண்டும்.